ஆறு பத்துக்கு முதல் டம்ளர்

சித்தப்பாவின் காப்பித்தூள் கடைக்கு நான் முதலில் செய்துகொடுத்தது இருபது போஸ்டர்கள். கல்யாண ஆல்பம் வடிவமைப்பதுதான் என் தொழில், அதனால் கை தானாகவே அந்தப் பக்கம் போய்விட்டது. பிரவுன் பின்னணி, தங்க எழுத்து, நடுவில் ஆவி பறக்கும் வெள்ளைக் கோப்பை. மதுரையில் ஒரு குறுக்குத் தெருக் கடையில் தூள் வாங்குகிறவர் யாரும் அப்படிக் கைப்பிடி வைத்த கோப்பையில் காப்பி குடிப்பதில்லை என்பதுகூட அப்போது உறைக்கவில்லை. கீழே கால் கிலோ விலை, அதற்கும் கீழே கைபேசி எண்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று கடையின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டோம். முதல் நாள் 140 பேர் பார்த்தார்கள். பத்தாவது நாள் அது 50-க்குக் கீழே போய்விட்டது. ஒருவர் நம் ஸ்டேட்டஸை மியூட் செய்தால் நமக்கு எந்தத் தகவலும் வராது. பார்த்தவர் பட்டியல் மட்டும் சத்தமில்லாமல் சுருங்கும். சித்தப்பா பட்டியலையெல்லாம் பார்க்கிறவர் இல்லை. அவர் சொன்னது வேறு.

"பாப்பா, நீ போடுறதைப் பத்திக் கடைக்கு வர்ற ஒரு ஆளு ஒரு வார்த்தை பேசலை. வாசல்ல நாய் குட்டி போட்டப்பக்கூட நாலு பேரு விசாரிச்சாங்க."

அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். அந்த நாய்க்குட்டிகளை அவர்கள் விசாரித்ததற்குக் காரணம், நேற்று மூன்று இருந்தது, இன்று எத்தனை என்று தெரிந்துகொள்ளும் ஆசை. தொடர்ச்சி இருந்தது. என் போஸ்டரில் நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. இருபதையும் கலைத்துப் போட்டு எந்த வரிசையில் காட்டினாலும் ஒன்றுதான்.

அதற்கப்புறம் ஒரு வாரம் போஸ்டர் எதுவும் போடாமல் கடையில் போய் உட்கார்ந்தேன். கையில் ஒரு அறுபது பக்க நோட்டு. எத்தனை மணிக்கு என்ன நடக்கிறது என்று மட்டும் எழுதினேன். ஸ்டேட்டஸில் தொடர் ஒன்றைத் திட்டமிட உட்காருகிற யாரும் இந்த வாரத்தைத் தவிர்க்க முடியாது என்று நினைக்கிறேன். என்ன காட்டலாம் என்று யோசித்தால் போஸ்டர் மூளை மறுபடி வேலை செய்யும். கடை எப்படியும் தினமும் செய்கிற காரியம் எது என்று பார்த்தால்தான் தேவையானது கிடைக்கும்.

எனக்குக் கிடைத்தது மூன்று.

காலை ஆறு மணிக்கு ஷட்டர் ஏறும். ஊதுபத்தி கொளுத்தி, கல்லாவைத் துடைத்து, ஆறு பத்துக்குச் சித்தப்பா ஒரு டம்ளர் காப்பி குடிப்பார். சோம்பல் முறிக்கிற காப்பி அல்ல அது. கடைசியாக வறுத்த கொட்டையை அரைத்து, கடையின் பின்பக்கம் இருக்கும் பித்தளை ஃபில்டரில் இறக்கிய டிகாக்ஷன். முதல் வாய் பால் இல்லாமல், அப்புறம்தான் பாலும் சர்க்கரையும். வறுவல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கிற சோதனை அது. முப்பது வருஷமாக நடக்கிறது, யாரும் பார்த்ததில்லை.

இரண்டாவது, திங்களும் வியாழனும் பதினொரு மணிக்கு நடக்கும் வறுவல்.

மூன்றாவது, ராத்திரி எட்டரைக்குக் கடைசிப் பொட்டலம். அதைக் கட்டிக் கொடுத்த பிறகுதான் அரவை மெஷினைத் திறந்து பிரஷ் போட்டுச் சுத்தம் செய்வார்கள். அதற்கு மேல் யார் வந்தாலும் காலையில்தான்.

இந்த மூன்றையும் தொடரின் தூண்களாக வைத்தேன். காலை டம்ளர் தினமும் ஒரே இடத்தில், கல்லாப் பெட்டியின் இடது மூலையில், ஒரே கோணத்தில் எடுத்த ஒரு படம். அதன் மேல் சித்தப்பா அன்று சொன்ன ஒரு வரி. வறுவல் நாளில் இருபது, இருபத்தைந்து நொடி வீடியோ. ராத்திரி கடைசிப் பொட்டலத்தின் படமும் அன்றைய குட்டிக் கதை ஒன்றும். அவ்வளவுதான். சாதாரண நாளில் இரண்டு, வறுவல் நாளில் மூன்று. இதற்கு மேல் போனால் பார்க்கிறவர் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போய்விடுவார்.

காலைப் படம் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஆல்பம் போடுகிறவளுக்கு இது கஷ்டம். பதினைந்து நாள் ஒரே படத்தைப் பார்த்தால் கை அரிக்கும். ஆனால் மாறாத படத்தில்தான் சின்ன மாற்றம் கண்ணில் படும். ஐப்பசி மழை நாளில் டம்ளருக்குப் பின்னால் சாக்கு விரித்திருந்தது. ஒருநாள் டம்ளர் பக்கத்தில் அடை மாதிரி ஒன்று தட்டில் இருந்தது. "சித்தி அனுப்பிச்சாங்களா?" என்று ஐந்து பேர் கேட்டிருந்தார்கள். வரியும் அப்படித்தான். "நேத்து வறுவல். லேசா புளிப்பு நிக்குது, இன்னும் ஒரு நாள் ஆறட்டும்" என்று ஒரு நாள். "நல்லாருக்கு" என்று ஒற்றைச் சொல் ஒரு நாள். புளிப்பு நிக்குது என்று கடைக்காரரே சொல்வதைப் போட வேண்டாம் என்று என் தம்பி தடுத்தான். போட்டேன். மறுநாள் "இப்ப சரியாயிடுச்சு" என்ற வரிக்கு வந்த பதில்கள், இருபது போஸ்டருக்கும் சேர்த்து வந்ததைவிட அதிகம். சரியில்லை என்று சொல்லத் தெரிந்தவர் நல்லாருக்கு என்றால் அதை நம்புகிறார்கள்.

வறுவலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடரில் கண்ணுக்கு விருந்து அதில்தான் இருக்கிறது, ஆபத்தும் அதில்தான்.

கடையில் இருப்பது ஐந்து கிலோ பிடிக்கிற கேஸ் டிரம். தாண்டிக்குடிப் பக்கமிருந்தும் சிக்கமகளூரிலிருந்தும் வரும் பச்சைக் கொட்டை வெளிறிய சாம்பல் பச்சையாக, கூழாங்கல் மாதிரி இருக்கும். சூடான டிரம்மில் விழுந்ததும் முதலில் புல் வாசனை. நாலைந்து நிமிஷத்தில் மஞ்சளாகும், அப்போது வருவது காப்பி வாசனையே அல்ல, பொரிகடலை வறுக்கிற வாசனை. அப்புறம் பழுப்பு ஏறும். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் படபடவென்று ஒரு சத்தம் வரும், பொரி வெடிப்பது போல. கொட்டைக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, உடம்பை உடைத்துக்கொண்டு வெளியேறுகிற சத்தம். கொட்டை உப்பும், மேலிருக்கும் மெல்லிய தோல் சருகாக உதிர்ந்து பறக்கும். அந்த வெடிப்பு அடங்கும் சமயத்தில் எந்த நொடியில் கதவைத் திறந்து கொட்டுவது என்பதுதான் வறுக்கிறவரின் வித்தை. கடையில் இதைச் செய்கிறவரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். டிரம்மிலிருந்து சின்னக் கரண்டி போன்ற குழாயில் நாலு கொட்டையை இழுத்துப் பார்ப்பார், முகர்வார், திரும்பத் தள்ளுவார். கடைசி ஒன்றரை நிமிஷத்தில் இதைப் பத்துத் தடவை செய்வார்.

அந்த இழுத்துப் பார்க்கும் காட்சி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டாம் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, வெளிச்சம் சரியாக விழவில்லை என்று, "அண்ணாச்சி, இன்னொரு வாட்டி இழுங்க, இந்தப் பக்கமா திரும்பி" என்றேன். அவர் நல்ல மனுஷர், திரும்பினார். கையில் இருந்த கொட்டையைக் கேமராவுக்குக் காட்டினார். நான் இன்னும் ஒரு தடவை என்றேன். மொத்தம் முக்கால் நிமிஷம் இருக்கும். அவர் மூக்கு முதலில் கண்டுபிடித்தது. கதவைத் திறந்து கொட்டுவதற்குள் இரண்டாவது வெடிப்பு ஆரம்பித்துவிட்டது. ஆறவைக்கும் தட்டில் துழாவி சுற்றும்போது கொட்டை கறுப்பாக, மேலே எண்ணெய் மினுங்கப் புரண்டது. ஐந்து கிலோ பிளான்டேஷன் ஏ ரகக் கொட்டை.

சித்தப்பா என்னைத் திட்டவில்லை. அண்ணாச்சியைத்தான் பார்த்தார். அண்ணாச்சி தரையைப் பார்த்தார். அது எனக்குத் திட்டைவிட மோசம்.

அன்று முதல் விதி ஒன்று வந்தது: கேமராவுக்காக எந்தக் கையும் நிற்கக் கூடாது. கைபேசியைத் தட்டின் ஓரத்தில் ஒரு தாங்கியில் மாட்டி ஓடவிட்டுவிடுவேன். வறுவல் முடிந்த பிறகு அதில் கிடைப்பதை வெட்டிக்கொள்வேன். வெளிச்சம் சரியில்லாவிட்டால் சத்தத்தை மட்டும் எடுத்து, மேலே அசையாத படம் ஒன்றை வைப்பேன். அந்தப் படபட சத்தம் மட்டும் உள்ள பன்னிரண்டு நொடி வீடியோ, அழகான எல்லா வீடியோவையும் விட நன்றாகப் போனது. "கண்ணை மூடிக்கிட்டு கேட்டேன், ஆடி மாசம் எங்க ஊர்ல பொரி வறுக்கிற மாதிரி இருந்துச்சு" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார்.

கருகிய ஐந்து கிலோவையும் அன்று ராத்திரிப் பதிவில் போட்டோம். என்ன நடந்தது என்று அப்படியே. "இன்னிக்கு வறுவல் கொஞ்சம் தாண்டிருச்சு. படம் எடுக்கிறோம்னு நிறுத்தி வெச்சதுல தப்பு எங்க மேல. வழக்கமான தூள்ல இதைக் கலக்க மாட்டோம்." கீழே கறுப்புக் கொட்டை படம். மறுநாள் காலையில் இரண்டு பேர் கேட்டு வந்தார்கள். ஒருவர் சிக்கரியே இல்லாமல் கடுங்காப்பி குடிக்கிற ஆசாமி, அவருக்குக் கசப்புதான் வேண்டுமாம். விலையைக் குறைத்து ஒரு கிலோ போல அப்படிப் போனது. மீதியை வீட்டுக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் நாங்களே குடித்துத் தீர்த்தோம். நஷ்டம் நஷ்டம்தான், அதை லாபக் கதையாக மாற்ற நான் விரும்பவில்லை.

ஆனால் அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன்.

கடையில் ஒரு நீள நோட்டு உண்டு. தூள் நோட்டு என்போம். வாடிக்கை வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். பீபெரி எவ்வளவு, பிளான்டேஷன் ஏ எவ்வளவு, ரொபஸ்டா எவ்வளவு, சிக்கரி எத்தனை, நைசா கொரகொரப்பா, எல்லாம் சித்தப்பாவின் கையெழுத்தில். இடையிடையே மாற்றங்கள்: அடித்து எழுதிய எண்கள், தேதிகள். கதை தேடுகிற எனக்கு அது புதையல். ஒரு வீட்டுப் பக்கத்தில் விலை கூடிய பீபெரி படிப்படியாகக் குறைந்து, விலை குறைந்த ரொபஸ்டா ஏறி, சிக்கரி பதினைந்திலிருந்து நாற்பதுக்கு வந்திருந்தது. பெயரை மறைத்து அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, "ஒரு வீட்டின் ஆறு வருஷக் காப்பி" என்று போட்டேன். கவித்துவமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பாவின் கையெழுத்தையும் தன் வீட்டு அளவையும் அந்த வீட்டுக்காரருக்குத் தெரியாதா? வருமானம் குறையக் குறைய மனிதர் தூளை இறக்கிக்கொண்டே வந்திருக்கிறார். அதைக் கடைக்காரருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக வைத்திருந்தார். நான் அதை ஊருக்குக் காட்டிவிட்டேன். அவர் எதுவும் சொல்லவில்லை. வருவதை நிறுத்திவிட்டார். நான்கைந்து வாரம் கழித்து நோட்டைப் புரட்டும்போதுதான் சித்தப்பா கவனித்தார். போன் செய்தார், அவர் எடுக்கவில்லை. ஒருநாள் வீட்டுக்கே போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. "நோட்டைத் தொடாதே" என்று மட்டும் சொன்னார்.

அதனால் ராத்திரிக் கதைக்கு ஒரு வரையறை வைத்துக்கொண்டோம். ஒருவர் என்ன ரகம் வாங்குகிறார், எவ்வளவு வாங்குகிறார், எப்போது கொடுக்கிறார் என்பது கதையே இல்லை. முகமும் வேண்டாம். கதை ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்: சம்படம், துணிப்பை, சீட்டு, குடை. யாராவது தன்னை அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய கதை என்றால் முதலில் அவரிடமே வாசித்துக் காட்டுவது. சிரித்தால் போடலாம், சிரிப்புக்கு ஒரு நொடி தாமதமானால் வேண்டாம்.

இந்த வரையறைக்குள் எப்படி ஒரு நாள் அமைந்தது என்று காட்டுகிறேன். கார்த்திகையில் ஒரு திங்கள்கிழமை.

காலை ஆறு பத்து. டம்ளர். வரி: "பனி. டிகாக்ஷன் இறங்க நேரமாகுது." அவ்வளவே.

பதினொன்று இருபது. வறுவல் வீடியோ. இந்தத் தடவை நிறத்தையோ சத்தத்தையோ எடுக்கவில்லை, தராசை எடுத்தேன். முதல் எட்டு நொடியில் பச்சைக் கொட்டை தராசில், 5 கிலோ. அடுத்த எட்டு நொடியில் அதே கொட்டை வறுத்து ஆறிய பிறகு தராசில், 4 கிலோ 200. எழுத்து: "எண்ணூறு கிராம் காத்தோட போயிருச்சு." இதற்கு மட்டும் முப்பதுக்கு மேல் பதில். வருஷக்கணக்காகக் காப்பி குடிக்கிறவர்களுக்கும் வறுத்தால் எடை குறையும் என்பது தெரிந்திருக்கவில்லை. இந்த வீடியோவின் கடைசியில்தான் அந்த நாளில் வாங்கச் சொல்லும் ஒரே வரி: "ராத்திரி வரைக்கும் ஆறும். நாளைக்குக் காலையில அரைக்கிறோம், வேணுங்கிறவங்க சொல்லி வைங்க." விலை இல்லை, எண் இல்லை. ஸ்டேட்டஸுக்குக் கீழேயே பதில் எழுதலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எட்டரை. கடைசிப் பொட்டலம். ஒரு பையன் பாட்டி கொடுத்த எவர்சில்வர் சம்படத்தோடு வந்தான். உள்ளே ஒரு சீட்டு: போன தடவை மாதிரியே. போன தடவை வாங்கிப் போனது அவன் மாமா. மாமாவுக்குச் சிக்கரி ஆகாது, பாட்டிக்குச் சிக்கரி இல்லாமல் தொண்டையில் இறங்காது. யார் சொன்ன மாதிரி போடுவது? பையனைக் கேட்டால் "எனக்குப் பால்தான்" என்கிறான். சித்தப்பா கொஞ்ச நேரம் சம்படத்தையே பார்த்தார். பிறகு கால் கிலோவை இரண்டு பொட்டலமாகக் கட்டினார். ஒன்றின் மேல் பேனாவால் 'காப்பி 100', இன்னொன்றின் மேல் 'காப்பி 80 சிக்கரி 20'. (சிக்கரி கலந்தால் எத்தனை சதம் என்று எழுதியாக வேண்டும், காப்பி 51 சதத்துக்குக் கீழே போகக் கூடாது, அது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் சித்தப்பா எழுதியிருப்பார் என்று சித்தி பெருமையாகச் சொல்வாள்.) இரண்டையும் சம்படத்துக்குள் நிற்க வைத்து மூடினார். படம்: திறந்த சம்படத்துக்குள் இரண்டு பொட்டலம். பாட்டியிடம் போனில் வாசித்துக் காட்டி, அவர் சிரித்த பிறகுதான் போட்டேன்.

மறுநாள் காலையில் நாலு வீட்டிலிருந்து ஒரே மாதிரி செய்தி: "எங்க வீட்லயும் இதே சண்டைதான். எனக்கும் ரெண்டா கட்டி வைங்க." இப்போது கால் கிலோவை இரண்டாகக் கட்டுவது கடையின் வழக்கமாகிவிட்டது. இதை நான் ஒரு போஸ்டராக, 'புதிய வசதி, இரு சுவை ஒரே பேக்' என்று போட்டிருந்தால் ஒரு ஆள் சீண்டியிருக்க மாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வாங்கச் சொல்லும் வரியை எத்தனை நாளைக்கு ஒரு தடவை போடுவது என்பதில் முதலில் தடுமாறினோம். வாரத்துக்கு ஒன்று போதும், நாசூக்காக இருக்கும் என்று செவ்வாய் மட்டும் போட்டுவந்தேன். செவ்வாய் மாலை கடையில் நெரிசல், மற்ற நாளில் வித்தியாசம் இல்லை. பில் புத்தகத்தை எடுத்து, கால் கிலோ வாங்குகிற வாடிக்கை வீடுகள் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகின்றன என்று பார்த்தோம். பெரும்பாலும் பத்திலிருந்து பன்னிரண்டு நாள். கணக்குப் போட்டால் சரிதான்: இரண்டு மூன்று பேர் உள்ள வீட்டில் காலையும் மாலையும் சேர்த்து ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிராம் தூள் ஃபில்டரில் போகும். வெள்ளிக்கிழமை டப்பா காலியாகிற வீடு அடுத்த செவ்வாய் வரை காத்திருக்குமா? பக்கத்துக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கிவிடும், வாங்கினால் அது தீர இன்னும் பத்து நாள்.

அதனால் வரியை வறுவல் நாளோடு முடிச்சுப் போட்டோம். திங்கள், வியாழன். இடைவெளி மூன்று நாள் அல்லது நாலு நாள். எந்த வீட்டு டப்பா எந்த நாளில் திறந்திருந்தாலும், அது அடிதட்டும் கடைசி நாலு நாளுக்குள் ஒரு வரியாவது கண்ணில் படும். வறுத்த நாளில் சொல்வதால் அது வியாபாரமாகத் தெரிவதில்லை, தகவலாகத்தான் தெரிகிறது. அன்று உண்மையிலேயே வறுக்கிறோம். சாயங்காலத்துக்குள் முப்பது நாற்பது வீடு சொல்லி வைத்துவிடும். எத்தனை கிலோ எந்த ரகம் போகும் என்று தெரிந்தபின் அரைப்பதால், அரைத்த தூள் டின்னில் கிடந்து மணம் இறங்குவது குறைந்தது. சித்தப்பாவுக்கு இந்தத் தொடரில் பிடித்தது அதுதான். பார்த்தவர் எண்ணிக்கையை அவர் இன்னும் கேட்பதில்லை.

அந்த எண்ணிக்கையை நானும் இப்போது பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர் பார்த்தாலும் பட்டியலில் வரமாட்டார், கடைக்கு வரும் பெரியவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். நான் கவனிப்பது என்ன மாதிரி பதில் வருகிறது என்று. வரும் பதில் எல்லாம் "ரேட் என்ன" என்றே இருந்தால் அந்த வாரம் நாம் மறுபடி போஸ்டர் போட ஆரம்பித்துவிட்டோம் என்று அர்த்தம். "அண்ணாச்சியைக் காணோமே, லீவா?" என்று வந்தால் சரியான தடத்தில் போகிறோம்.

இதனால் புது ஆட்கள் வருவார்களா என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். இந்த முறையில் பெரிதாக வரமாட்டார்கள். ஒருவர் எண் நம்மிடமும் நம் எண் அவரிடமும் பதிந்திருந்தால்தான் ஸ்டேட்டஸ் தெரியும். ஒரே செய்தியை மொத்தமாக அனுப்பும் பட்டியலிலும் அப்படித்தான், ஒன்றில் 256 பேர், அதிலும் நம் எண்ணைச் சேமித்தவருக்குத்தான் போய்ச் சேரும். ஆக இது ஏற்கெனவே வருகிறவரை வேறு கடைக்குப் போகாமல் வைத்துக்கொள்கிற வேலை. புதியவருக்கு நாங்கள் செய்வது ஒன்றுதான். முதல் பொட்டலத்தோடு ஒரு சீட்டு: "இந்த எண்ணைப் பதிஞ்சுக்கிட்டு, 'காப்பி'ன்னு ஒரு மெசேஜ் போடுங்க. தினமும் காலையில ஆறு பத்துக்கு எங்க டம்ளரைப் பாக்கலாம்." செய்தி வந்ததும் நாங்களும் பதிந்துகொள்வோம். பத்துச் சீட்டு போனால் மூன்று வரும்.

இன்ஸ்டாகிராமிலும் கொஞ்ச நாள் போட்டுப் பார்த்தோம். வறுவல் வீடியோ எங்கெங்கோ போனது, பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் இதயம் வந்தது. கால் கிலோ நகரவில்லை. நிறுத்திவிட்டோம்.

விலை ஏறியபோதுதான் தொடரின் பலம் என்ன, பலவீனம் என்ன என்று முழுசாகத் தெரிந்தது. 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் பச்சைக் கொட்டை விலை உலகம் முழுக்க ஏறியது. பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி. இங்கேயும் மூட்டை விலை மாதத்துக்கு மாதம் மாறியது. மற்ற கடைகள் 'விலை மாற்றம்' என்று அறிவிப்பு ஒட்டின. நாங்கள் என்ன செய்வது? சித்தப்பா ஒரு வாரம் தள்ளிப்போட்டார். கடைசியில் வழக்கமான ராத்திரிப் பதிவிலேயே சொன்னோம். கடைசிப் பொட்டலத்துக்குப் பதிலாக, சித்தப்பா ஈரத் துணியால் விலைப் பலகையைத் துடைக்கும் வீடியோ. சாக்பீஸால் புது எண்ணை எழுதுவதற்கு முன் கை ஒரு கணம் நிற்கும், அதை நான் வெட்டவில்லை. எழுத்து: "மூட்டை விலை ஏறிருச்சு. சிக்கரியைக் கூட்டி விலையை நிறுத்த மனசு வரலை." முன்பே தராசு வீடியோவைப் பார்த்திருந்ததால் ஐந்து கிலோ வாங்கினால் நாலே கால்கூடக் கைக்கு வராது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு வீடு ரகத்தை இறக்கிக்கொண்டது, நாலைந்து வீடு வருவதையே விட்டது. எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் காசு காசுதான். இறக்கிக்கொண்ட வீடுகள் எவை என்று நான் பார்க்கவில்லை. நோட்டு சித்தப்பாவின் மேஜை டிராயரில், பூட்டுக்குள்.

போன மாசி மாதம் எனக்குக் காய்ச்சல், நாலு நாள் எழுந்திருக்க முடியவில்லை. ஸ்டேட்டஸ் போட வேண்டாம், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். இரண்டாம் நாள் காலை ஆறு பத்துக்குச் சித்தப்பா தானாகவே முயற்சி செய்திருக்கிறார். டம்ளரை மூலையில் வைத்து, போனைப் பிடித்து, எங்கேயோ அழுத்தி, விரல் லென்ஸை மூடியபடியே படம் போய்விட்டது. முழுக் கறுப்பு. வரியும் இல்லை. அதை நீக்கத் தெரியாமல் அப்படியே விட்டுவிட்டார்.

ஏழு மணிக்குள் பதினேழு செய்தி. "கரண்ட் இல்லையா அண்ணே?" "இன்னைக்குக் கடுங்காப்பியா?" "வறுவல் தாண்டிருச்சா?" ஒருவர் மட்டும் நேராகக் கடைக்கே வந்துவிட்டார், எதுவும் ஆகிவிட்டதோ என்று. சித்தப்பா அவருக்கு அந்த மூலை டம்ளரையே எடுத்துக் கொடுத்தாராம். குடித்துவிட்டு, வந்தது வந்தோம் என்று அரைக் கிலோ கட்டச் சொல்லியிருக்கிறார்.